பொத்தானுக்குப் பதில் சொல்லும், குரலுக்குச் சொல்லாது: ‘ஹே கூகுள்’ ஏன் காதில் விழுவதில்லை?

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போனில் ‘ஹே கூகுள்’ இரண்டு வாரமாகச் சரியாக வேலை செய்யவில்லை. பத்துத் தடவை கூப்பிட்டாலும் சத்தமே இல்லை. ஆனால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் உடனே வந்து நான் பேசுவதைப் புரிந்துகொள்கிறது. சில நேரம் கூப்பிட்டாலும் திடீரென்று வேலை செய்துவிடுகிறது. மைக் அனுமதி கொடுத்திருக்கிறேன், மொழிப் பொதியையும் அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். பேட்டரி சேவர்தான் காரணமா? எங்கே பார்க்க வேண்டும்?

பதில்:

பேட்டரி சேவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் நேராகப் போய் அதை அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் இன்று சரியாகும், நாளை மாலை மறுபடி இதே கதைதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் கேள்வியிலேயே இரண்டு நல்ல தடயங்கள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் வேலை செய்கிறது என்பது முதலாவது. சில நேரம் கூப்பிட்டாலும் வேலை செய்கிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிக் காரணங்கள் தானாகவே கழிந்துபோகும். அதற்கு முதலில் நீங்கள் கூப்பிடும்போது போனுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

திரை அணைந்து கிடக்கும்போது போனின் பெரிய பிராசசர் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். அது விழித்திருந்து நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி தாங்காது. அதனால் கேட்கும் வேலை மட்டும் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சின்ன ஒலிச் சிப் ஒன்றிடம் போகிறது. அந்தச் சிப்புக்கு மொழி எதுவும் தெரியாது. ‘ஹே கூகுள்’ என்ற ஒலியின் வடிவம் மட்டும் ஒரு சிறிய மாதிரியாக அதில் ஏற்றப்பட்டிருக்கும். காதில் விழும் ஒலி அந்த மாதிரியோடு ஓரளவு ஒத்துப்போனால் அது பெரிய பிராசசரைத் தட்டி எழுப்பும். எழுந்த பிராசசர் அதே ஒலித்துண்டை இன்னொரு தடவை கூர்ந்து கேட்கும்: உண்மையிலேயே அந்தச் சொல்தானா, சொன்னது நீங்கள்தானா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் திரை ஒளிர்ந்து அசிஸ்டென்ட் வரும். நீங்கள் அடுத்துச் சொல்லும் வாக்கியத்தைப் புரிந்துகொள்கிற வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மொழிப் பொதிக்கு வேலை வருவதும் அங்கேதான்.

பொத்தானை அழுத்தும்போது இந்தச் சின்னச் சிப், இரண்டாவது சோதனை எல்லாவற்றையும் தாண்டி நேராகக் கடைசிக் கட்டத்துக்கே போய்விடுகிறீர்கள். அங்கே நீங்கள் சொல்வது புரிகிறது என்றால் மைக் வேலை செய்கிறது, கூகுள் ஆப்புக்கு அதைத் தொட அனுமதி இருக்கிறது, பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதியும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதனால் மொழிப் பொதியை அழித்து மறுபடி இறக்கியதில் பயன் இருந்திருக்காது. அது இந்தக் கோளாறு இருக்கிற இடமே இல்லை. வருத்தப்படாதீர்கள், கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் அங்கேதான் போகிறார்கள். ‘மொழி’ என்ற சொல்லைப் பார்த்ததும் அப்படித்தான் தோன்றும்.

சரி, மைக் அனுமதி. அதில் உங்களுக்குச் சிக்கல் இருக்காது என்றாலும் ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் Apps, அதில் Google, அதில் Permissions, அதில் Microphone என்று போனால் மூன்று தேர்வுகள் இருக்கும். “Allow only while using the app” என்பதுதான் அங்கே இருப்பதிலேயே பெரிய அனுமதி. பலர் இதைப் பார்த்துவிட்டு, ‘ஆப்பைத் திறந்து வைத்திருந்தால்தானே கேட்கும்’ என்று நினைத்து, இடம் அனுமதியில் இருப்பதுபோல் ‘எப்போதும்’ என்று ஒன்று எங்கேயாவது இருக்கிறதா எனத் தேடுவார்கள். மைக்குக்கு அப்படி ஒன்று கிடையாது. தேவையும் இல்லை. போனின் இயல்பு அசிஸ்டென்ட் எதுவோ அதற்கு ஆண்ட்ராய்டே தனி இடம் கொடுத்து, பயன்பாட்டில் இருக்கும் ஆப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தப்பான தேர்வு என்றால் அது “Ask every time”. ஆண்ட்ராய்டு 11-இல் வந்தது இது. ஒருமுறை சரி என்று சொன்னால் அந்த நேரத்துக்கு மட்டும் அனுமதி தரும், ஆப் பின்னால் போய்ச் சிறிது நேரத்தில் எடுத்துக்கொள்ளும். இது இருந்தால் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஒரு சின்னப் பெட்டி எழுந்து அனுமதி கேட்கும், நீங்களும் தட்டுவீர்கள், எல்லாம் வேலை செய்வதுபோல் இருக்கும். ஆனால் திரை அணைந்திருக்கும்போது யாரிடம் கேட்கும்? அதனால் ‘ஹே கூகுள்’ என்ற அழைப்புச் சொல் மட்டும் செத்துக் கிடக்கும். உங்களிடம் அப்படிப் பெட்டி எதுவும் வருவதில்லை என்றால் இதை விட்டுவிடலாம்.

மைக் பற்றி இன்னொன்றும் உண்டு, இதுவும் பலர் கவனிக்காதது. ஆண்ட்ராய்டு 12 முதல் மேலிருந்து இழுக்கும் பலகையில் Mic access என்று ஒரு பொத்தான் வைத்துக்கொள்ளலாம். அதை அணைத்தால் எல்லா ஆப்புக்கும் ஒரே அடியாக மைக் மூடப்படும். அனுமதிப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அனுமதி கொடுத்தது கொடுத்தபடியே இருக்கும். ஆனால் கேட்கிற ஆப்புக்கு வெறும் நிசப்தம்தான் போகும். ‘அனுமதி இருக்கிறதே, ஏன் கேட்கவில்லை’ என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். உங்கள் விஷயத்தில் பொத்தான் அழுத்தினால் கேட்கிறது என்பதால் இதுவும் இல்லை.

ஆக மிஞ்சுவது நடுவில் இருக்கும் இரண்டு கட்டங்கள்: சின்னச் சிப் கேட்கிறதா, கேட்ட பிறகு வருகிற சோதனையில் தேறுகிறீர்களா? இரண்டாவது தடயம் இங்கேதான் உதவும். சில நேரம் நன்றாக வேலை செய்கிறது என்றால் மாதிரி ஏற்றப்பட்டிருக்கிறது, உங்கள் குரலும் பதிவாகியிருக்கிறது. ஏதோ ஒன்று அதை நடுநடுவே நிறுத்துகிறது. அப்படி ஆளைப் பார்க்காமல், நேரம் பார்த்து நிறுத்துகிற வேலையைப் பெரும்பாலும் பேட்டரி சேவர்தான் செய்யும்.

பேட்டரி சேவர் அழைப்புச் சொல்லை நிறுத்துவது கோளாறு இல்லை, தெரிந்தே செய்வது. ஆண்ட்ராய்டின் பேட்டரி சேவர் பக்கத்தில் வரும் விளக்க வரிகளைக் கவனித்துப் படித்தால், பின்னணி வேலைகளைக் குறைக்கும், சில காட்சி விளைவுகளை நிறுத்தும் என்பதோடு “Hey Google” போன்ற வசதிகளையும் கட்டுப்படுத்தும் என்று பல பதிப்புகளில் பெயர் சொல்லியே எழுதியிருக்கும். சேவர் எழுந்ததும் அந்தச் சின்னச் சிப்பைக் கேட்கச் சொல்லும் ஏற்பாட்டையே ஆண்ட்ராய்டு முடக்குகிறது. மைக் அனுமதி அப்படியே இருக்கும், உங்கள் குரலை அடையாளம் காணும் Voice Match அப்படியே இருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. கேட்பது மட்டும் நின்றுபோகும்.

இதைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்பதற்கு என் அக்காவின் போன் நல்ல உதாரணம். அவர் தையல் வேலை செய்கிறவர். கையில் துணியும் கத்தரியும் இருக்கும்போது நேரம் கேட்க, டைமர் வைக்க, யாரையாவது கூப்பிட எல்லாவற்றுக்கும் குரல்தான். ஒரு நாள் மாலை, “இது காது கேளாமல் போய்விட்டது” என்று போனைக் கொண்டுவந்தார். அவர் வரும்போது பேட்டரி குறைவாக இருந்ததால் நான் முதலில் செய்தது சார்ஜரில் போட்டது. போட்டுவிட்டுக் கூப்பிட்டேன், முதல் தடவையிலேயே வந்தது. “நன்றாகத்தானே இருக்கிறது” என்று கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே புகார், மறுபடி சார்ஜர், மறுபடி நன்றாக வேலை செய்தது. அக்கா தன் உச்சரிப்பில்தான் ஏதோ குறை என்று நினைக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் தப்பு என் சோதனையில் இருந்தது.

மூன்றாவது தடவை போனைச் சார்ஜரில் போடாமல், வாங்கிய நிலையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தேன். பேட்டரி 26 சதவீதம். கூப்பிட்டால் பதில் இல்லை. மேல் பலகையை இழுத்தேன், பேட்டரி சேவர் எரிந்துகொண்டிருந்தது. அதன் மீது விரலை அழுத்திப் பிடித்து உள்ளே போனால், 30 சதவீதத்தில் தானாக எழும்படி அட்டவணை போடப்பட்டிருந்தது. எப்போதோ வெளியூர்ப் பயணத்துக்காக அக்காவே வைத்தது, மறந்துவிட்டார். சேவரை அணைத்தேன், சிறிது பொறுத்துக் கூப்பிட்டேன், உடனே வந்தது.

என் முதல் இரண்டு சோதனைகள் ஏன் ஏமாற்றின என்று இப்போது தெரிந்திருக்கும். சார்ஜரைச் செருகிய கணமே ஆண்ட்ராய்டு பேட்டரி சேவரை இறக்கிவிடும். மின்சாரம் வரும்போது சேமிக்க ஒன்றுமில்லையே. நான் கோளாறைத் தேடுவதற்கு முன்னால் கோளாறை நானே அணைத்துவிட்டு, பிறகு ‘கோளாறு இல்லை’ என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் சோதிக்கும்போது இந்தத் தப்பைச் செய்யாதீர்கள். வேலை செய்யாத அந்த நிமிடத்தில் போன் எப்படி இருந்ததோ அப்படியே வைத்து, சார்ஜரைத் தொடாமல் பாருங்கள்.

மேலே ‘நேராக அணைத்துவிடாதீர்கள்’ என்றதற்கும் காரணம் இதுதான். அட்டவணைப்படி தானாக எழுந்த சேவரை நீங்கள் கையால் அணைத்தால், அது அந்தச் சுற்றுக்கு மட்டும்தான் அடங்கும். போனைச் சார்ஜ் செய்து, மறுநாள் பேட்டரி அதே அளவுக்கு இறங்கும்போது மறுபடி எழும். அக்காவுக்கு அட்டவணையையே எடுத்துவிட்டோம். உங்களுக்குச் சேவர் வேண்டும் என்றால் எழும் அளவை 10 சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள். அந்தக் கடைசிப் பத்தில் அசிஸ்டென்ட் கேட்காது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். சேவரும் ஓட வேண்டும், அழைப்புச் சொல்லும் வேலை செய்ய வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டின் சாதாரணச் செட்டிங்ஸில் அதற்கு வழி இல்லை.

பேட்டரி சேவர் அணைந்திருந்தும் வராமல் போகும் இன்னொரு நிலையும் உண்டு. அது ஆப் அளவில் வைக்கப்படும் கட்டுப்பாடு. பல போன் தயாரிப்பாளர்கள் ஆண்ட்ராய்டின் சேவரோடு நிற்காமல், ‘அதிகம் பயன்படுத்தாத’ ஆப்களைத் தூங்கவைக்கும் தங்கள் சொந்த ஏற்பாடு ஒன்றையும் சேர்த்திருப்பார்கள். நீங்கள் கூகுள் ஆப்பைக் கையால் திறப்பதே அபூர்வம் என்பதால் அதுவும் அந்தப் பட்டியலில் மாட்டிக்கொள்ளலாம். சின்னச் சிப் தானாக எதையும் கேட்பதில்லை. கூகுள் ஆப் உயிரோடு இருந்து அதற்கு மாதிரியைக் கொடுத்து ‘இதைக் கேள்’ என்று சொன்னால்தான் கேட்கும். ஆப்பை அடித்து மூடினால் சொல்ல ஆளில்லை. இதற்கான அறிகுறி வேறு மாதிரி இருக்கும்: பேட்டரி நிறைய இருந்தாலும், போனைத் தொடாமல் சில மணி நேரம் வைத்திருந்த பிறகு கூப்பிட்டால் வராது. பொத்தானால் ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் குரலுக்கும் வரும். இப்படி நடந்தால் செட்டிங்ஸில் Apps, Google, அங்கே பேட்டரிப் பகுதியில் Unrestricted என்று வையுங்கள். தயாரிப்பாளரின் பேட்டரிப் பக்கத்தில் ‘தூங்கும் ஆப்கள்’ என்பதுபோல் தனிப்பட்டியல் இருந்தால் அதிலிருந்தும் கூகுளை எடுத்துவிடுங்கள். மற்ற ஆப்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், அது பேட்டரியைத் தின்னும். அசிஸ்டென்டுக்கு மட்டும் இது தேவை.

சார்ஜரில் போட்டால் வேலை செய்கிறது என்பதற்கு இன்னொரு விளக்கமும் இருக்கிறது, அதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சில பழைய அல்லது எளிய போன்களில் குறைந்த மின்சாரத்தில் கேட்கும் அந்த வசதி இருக்காது. அவற்றில் திரை எரியும்போதோ சார்ஜ் ஏறும்போதோ மட்டும்தான் அழைப்புச் சொல் கேட்கும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். சார்ஜரை எடுத்துவிட்டு, சேவரை அணைத்துவிட்டு, திரையை எரியவிட்டுக் கூப்பிடுங்கள். அப்போது வருகிறது, திரையை அணைத்தால் வருவதில்லை என்றால் அது போனின் வசதிக் குறை, செட்டிங்ஸில் சரியாகாது. ஆனால் உங்கள் போன் முன்பு திரை அணைந்திருக்கும்போதும் கேட்டிருக்கிறது என்றால் இது பொருந்தாது.

கணினி கையில் இருந்து, யூஎஸ்பி பிழைத்திருத்தம் இயக்கத் தெரிந்தவர் என்றால் ஊகத்தை விட்டுவிட்டு நேராகப் போனையே கேட்டுவிடலாம். இதிலும் அதே பொறி இருக்கிறது: கேபிளைச் செருகினால் போன் சார்ஜ் ஆகும், சேவர் இறங்கிவிடும். அதனால் முதலில் போனிடம் ‘சார்ஜர் இல்லை’ என்று பொய் சொல்லி, பிறகு சேவரை ஏற்ற வேண்டும்:

```
adb shell dumpsys battery unplug
adb shell settings put global low_power 1
```

இப்போது திரையை அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். வராது. அப்புறம் `low_power` மதிப்பை 0 ஆக்கிவிட்டுக் கூப்பிடுங்கள். வந்தால் சந்தேகமே இல்லை, சேவர்தான். முடித்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள், இல்லையென்றால் போன் சார்ஜ் ஆவதைக் காட்டாமலே இருக்கும்:

```
adb shell settings put global low_power 0
adb shell dumpsys battery reset
```

சேவரை அணைத்தும் வரவில்லை என்றால் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்:

```
adb shell settings get secure voice_interaction_service
adb shell cmd appops get com.google.android.googlequicksearchbox RECORD_AUDIO
```

முதல் வரி, இப்போது அசிஸ்டென்ட் இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லும். பதிலில் `com.google.android.googlequicksearchbox` என்று தொடங்கும் பெயர் வர வேண்டும். வேறு ஆப்பின் பெயரோ வெறுமையோ வந்தால், ‘ஹே கூகுள்’ சொன்னால் கேட்கும் பொறுப்பே கூகுளிடம் இல்லை என்று அர்த்தம். செட்டிங்ஸில் Default apps, அதில் Digital assistant app என்று போய் மாற்ற வேண்டும். இரண்டாவது வரி மைக் அனுமதியின் உண்மை நிலை. `foreground` அல்லது `allow` என்றால் சரி, `ignore` என்றால் மறுக்கப்பட்டிருக்கிறது. `foreground` என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன “while using the app” என்பதற்கு உள்ளே இருக்கும் பெயர்தான் அது.

இனி மொழி. உங்கள் கோளாறு அங்கே இல்லை என்றாலும், இந்தப் பதிலைப் படிக்கும் வேறு யாருக்காவது அங்கே இருக்கலாம். மொழியின் பெயரில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம். ஒன்று, நீங்கள் இறக்குகிற மொழிப் பொதி. இணையம் இல்லாதபோது உங்கள் பேச்சை எழுத்தாக மாற்ற உதவுவது, Speech Recognition & Synthesis என்ற ஆப்பின் கீழ் வருவது. இது கெட்டுப்போனால் அசிஸ்டென்ட் கூப்பிட்டதும் வரும், திரை ஒளிரும், பிறகு நீங்கள் சொல்வது புரியாமல் முழிக்கும். இணையம் இருந்தால் நன்றாக இருக்கும், விமானப் பயன்முறையில் போட்டால் தடுமாறும். அதாவது வந்துவிட்டுப் புரியாமல் நிற்கிறது என்றால் பொதியைப் பாருங்கள், வரவே இல்லை என்றால் பொதியைத் தொட வேண்டாம்.

இரண்டாவது பொருள், அழைப்புச் சொல்லின் மாதிரி. இது அசிஸ்டென்டின் மொழியோடு கட்டப்பட்டது, போன் திரையின் மொழியோடு அல்ல. அசிஸ்டென்டின் மொழியை மாற்றினால் அந்த மொழிக்கான மாதிரி தேவைப்படும், சில நேரம் உங்கள் குரலையும் மறுபடி பதிய வேண்டியிருக்கும். அந்த மொழியில் வசதி இல்லை என்றால் கூகுள் ஆப்பின் செட்டிங்ஸில் “Hey Google & Voice Match” பக்கத்தில் இருக்கும் அந்தச் சுவிட்ச் சாம்பல் நிறமாகிக் கையில் சிக்காது. மொழியை மாற்றிய அன்றிலிருந்து சுத்தமாக வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்தப் பக்கம்தான். இப்படிப்பட்டவர்களுக்குச் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது என்ற நிலை வராது. மாதிரி இல்லை என்றால் எந்த நேரமும் இல்லைதான்.

அதே பக்கத்தில்தான் குரலை மறுபடி பதியும் வசதியும் இருக்கிறது, Retrain voice model என்று. எல்லா வழிகாட்டிகளும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்லும், நான் கடைசியில் வைத்திருக்கிறேன். காரணம், இது சரிசெய்வது இரண்டாவது சோதனையை மட்டும்தான். சளி பிடித்துக் குரல் மாறினால், தூரத்திலிருந்து கூப்பிட்டால், மின்விசிறி சத்தம் அதிகமாக இருந்தால் அந்தச் சோதனையில் தவறுவோம். அப்படித் தவறுவது சூழ்நிலையைப் பொறுத்து இருக்கும்: அமைதியான அறையில், ஒரு கை தூரத்தில் கூப்பிட்டால் வரும். அந்த நிலையிலும், சேவர் அணைந்திருக்கும்போதும் பத்துக்கு நாலைந்து தடவைதான் வருகிறது என்றால் மறுபடி பதியுங்கள். பதியும்போது தினமும் போனை வைத்திருக்கும் இடத்தில் வைத்து, தினமும் கூப்பிடும் குரலில் கூப்பிடுங்கள். போனைக் கையில் பிடித்து வாய்க்கு நேராக வைத்துப் பதிந்துவிட்டு, பிறகு மேசையின் மறுபக்கத்திலிருந்து கூப்பிட்டால் அது உங்களை அடையாளம் காணத் திணறும். உறைக்குள் மைக் துளை மறைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பெரும்பாலான போன்களில் ஒன்றுக்கு மேல் மைக் இருக்கிறது, கீழே இருப்பது திறந்திருந்தாலும் மேலே இருப்பது அடைபட்டிருக்கலாம்.

கோளாறு என்று நினைக்கக் கூடாத இரண்டு நேரங்களையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் வராது. அழைப்பின் ஒலி அந்தரங்கமானது என்பதால் அப்போது மற்ற ஆப்களுக்கு மைக்கைக் கொடுக்க ஆண்ட்ராய்டு மறுக்கும். அதேபோல் போனை அணைத்துப் போட்ட பிறகு முதல் தடவை பின் எண் போட்டுத் திறக்கும் வரையிலும் வராது. அதுவரை உங்கள் தகவல்கள் பூட்டிய நிலையிலேயே இருக்கும், பதிந்துவைத்த குரலும் அதில் அடக்கம். இரவில் தானாகப் புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் ஆன போன் காலையில் பதில் சொல்லாததற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்த தடவை கூப்பிட்டு வராதபோது வேறு எதையும் தொடாமல் மேல் பலகையை இழுத்து, பேட்டரி எத்தனை சதவீதம், சேவர் எரிகிறதா என்று இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தடவை குறித்தாலே தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் சேவர் எரிந்திருந்தால் அட்டவணையை எடுத்துவிடுங்கள், அதோடு முடிந்தது. சேவர் எரியாதபோதும் வரவில்லை என்றால், அப்போது போனை எவ்வளவு நேரம் தொடாமல் வைத்திருந்தீர்கள் என்பதையும் சேர்த்து இங்கே எழுதுங்கள், போனின் ஆண்ட்ராய்டு பதிப்பையும் சொல்லுங்கள். அதிலிருந்து தொடர்ந்து பார்க்கலாம்.